பயிற்சிக் காலத்தில் சம்பளம் குறைவா, கன்ஃபர்மேஷன் எப்போது? ரெக்ரூட்டரிடம் எப்படிக் கேட்பது?

கெடிலக்கரை | 24 ஜூன் 2024, இரவு 9.10

இந்த மே மாதம் பி.இ. முடித்தேன். வீடு கடலூர் செம்மண்டலம். புதுச்சேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தேர்வாகி, போன வாரம் ஆஃபர் லெட்டர் வந்தது. சிடிசி ஆண்டுக்கு 3 லட்சம். அதற்குக் கீழே ஒரு வரி: “பயிற்சிக் காலம் 6 மாதம் வரை. அக்காலத்தில் நிறுவன விதிப்படி ஸ்டைபண்ட் வழங்கப்படும்.” எவ்வளவு என்று போடவில்லை.

ரெக்ரூட்டர் மேடத்துக்கு போன் போட்டு, “ட்ரெய்னிங்ல சம்பளம் உண்டா மேடம்?” என்று கேட்டேன். “உண்டும்மா, ஆறு மாசத்துல கன்ஃபர்ம் ஆயிடும், கவலைப்படாத” என்றார். சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அப்பா கேட்டார்: “முதல் மாசம் கைக்கு எவ்வளவு வரும்?” பதில் இல்லை. மறுபடி கேட்டால் சேருவதற்கு முன்பே பணம் பணம் என்கிறாள் என்று நினைத்து ஆஃபரை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஜூலை 5-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும். படிப்புக் கடன் வேறு இருக்கிறது.

முதுநகர் வாத்தியார் | 24 ஜூன் 2024, இரவு 10.02

ஏம்மா குழம்புகிறாய்? தகுதிகாண் பருவத்தில் சம்பளம் குறையாது. நான் பள்ளியில் சேர்ந்த முதல் மாதமே முழுச் சம்பளம் வாங்கினேன். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணி முடித்தால் தகுதிகாண் பருவம் நிறைவு என்று ஆணை வரும். ஆணை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அதற்காகச் சம்பளம் நிற்காது.

முள்ளோடை | 24 ஜூன் 2024, இரவு 10.40

சார் சொல்றது கவர்மென்ட். இது பிரைவேட். ட்ரெய்னின்னா கண்டிப்பா கம்மிதான், பாதி கூட இருக்காது. ஆனா கன்ஃபர்மேஷன் பத்திக் கவலை வேணாம். ஆறு மாசம் முடிஞ்சு அவங்க எதுவும் சொல்லலைன்னா நீ கன்ஃபர்ம்னு அர்த்தம். அதோட 480 நாள் வேலை பாத்துட்டா சட்டப்படி பர்மனென்ட். நான் சிப்காட்ல எட்டு வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியும்.

லாஸ்பேட்டை அக்கா | 25 ஜூன் 2024, காலை 6.30

பன்னிரண்டு ஆண்டு ஃப்ரெஷர் ஆட்களை எடுக்கும் வேலையில்தான் இருந்தேன், முதலில் சென்னை, பிறகு இங்கே. கெடிலக்கரை தங்கச்சிக்கு நிதானமாக எழுதுகிறேன்.

அந்த மேடம் பொய் சொல்லவில்லை. ஆனால் நீ கேட்ட கேள்விக்கு “உண்டும்மா” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “சம்பளம் உண்டா”, “குறையுமா” என்று கேட்டால் ஒரு சொல்லில் முடித்துவிடலாம். “ஆகஸ்டில் சேர்ந்தால், ஆகஸ்ட் மாதத்துக்கு என் வங்கிக் கணக்கில் வரும் தொகை எவ்வளவு?” என்று கேட்டால் எண்தான் பதிலாக வர முடியும்.

அடுத்தது, “ஆறு மாசத்துல கன்ஃபர்ம்.” இங்கேதான் எல்லாப் பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். இதில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று பயிற்சிக்கு. அது நின்றால் ஸ்டைபண்ட் நின்று சிடிசி-யில் போட்ட சம்பளம் தொடங்கும். இன்னொன்று ப்ரொபேஷனுக்கு, அதாவது வாத்தியார் சொன்ன தகுதிகாண் பருவத்துக்கு. அது நின்றால்தான் கன்ஃபர்மேஷன். சில கம்பெனியில் சேர்ந்த நாளிலேயே இரண்டும் ஓட ஆரம்பிக்கும். பல கம்பெனியில் முதல் கடிகாரம் நின்ற பிறகுதான் இரண்டாவதுக்குச் சாவி கொடுப்பார்கள். அப்படியானால் ஆறு மாதம் பயிற்சி, அதற்கு மேல் ஆறு மாதம் ப்ரொபேஷன், ஆக கன்ஃபர்மேஷனுக்கு ஓராண்டு. ரெக்ரூட்டர் பேச்சில் “ட்ரெய்னிங் முடிஞ்சு ரோல்ஸ்ல வந்துடுவ” என்பதையே கன்ஃபர்ம் என்று சொல்லிவிடுவது வழக்கம். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகளிடம் பேசும்போது வாய் அப்படிப் பழகிவிடும். கேட்டவர்கள் அதை நம்பி வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்பது இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

“6 மாதம் வரை” என்பதில் “வரை”யையும் கவனி. நாள் வந்தால் முடியுமா, தேர்வில் தேறினால் முடியுமா? தேர்வு என்றால், தேறாவிட்டால் நீட்டிப்பா, அனுப்பிவிடுவதா?

ஆஃபர் ரத்தாகுமா என்ற பயத்துக்கு: முதல் சுற்று நேர்காணலிலேயே கேட்டிருந்தால் அது நேரம் தவறிய கேள்வி. கடிதம் கையில் வந்து, சம்மதம் சொல்வதற்கு முன் கேட்பது எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். என் பன்னிரண்டு ஆண்டில் இதைக் கேட்டதற்காக யாருடைய ஆஃபரையும் நான் எடுத்ததில்லை, எடுக்கச் சொல்லி மேலிடமும் சொன்னதில்லை. ஆனால் போனில் கேட்காதே, மெயிலில் கேள்.

முள்ளோடை தம்பி, பேசாமல் இருந்தால் கன்ஃபர்ம் என்பது பெரும்பாலும் நடக்காது. தனியார் கடிதங்களில் “எழுத்து மூலம் உறுதி செய்யப்படும் வரை ப்ரொபேஷன் தொடரும்” என்று ஒரு வரி இருக்கும். அது இருந்தால் கம்பெனியின் மௌனத்துக்கு நீட்டிப்பு என்றுதான் பொருள். விதியிலேயே இத்தனை காலத்துக்கு மேல் ப்ரொபேஷன் கூடாது என்று உச்ச வரம்பு இருந்து, அதைத் தாண்டியும் வேலையில் வைத்திருந்தால்தான் உறுதி செய்ததாகக் கொள்ளலாம். அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-லேயே வகுத்த வழி அது. தங்கச்சி, உன் கடிதத்தில் எந்த வரி இருக்கிறது என்று பார்.

கெடிலக்கரை | 25 ஜூன் 2024, மதியம் 1.15

பார்த்தேன் அக்கா. ஐந்தாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது, “எழுத்து மூலம் உறுதி செய்யப்படும் வரை.” நான் முதல் பக்கத்தையும் சம்பளப் பட்டியலையும் மட்டும்தான் படித்திருந்தேன்.

பண்ருட்டி பஸ் | 25 ஜூன் 2024, இரவு 8.45

என் கதையைச் சொல்றேன். 2019-ல சேர்ந்தேன், வேற கம்பெனி, சென்னை. ரெண்டு வருஷத்துக்கு வேலைய விடக்கூடாதுன்னு பாண்டு. நான் சேர்ந்த நாள்ல இருந்துன்னு கணக்குப் போட்டு 2021 ஜூலைல பேப்பர் போட்டேன். எச்.ஆர் சொன்னாங்க, “பாண்டு பயிற்சி முடிஞ்ச தேதில இருந்து, இன்னும் அஞ்சு மாசம் இருக்கு.” கையில இருந்த புது ஆஃபர் போச்சு. அதுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு, நான்தான் பாக்கல. ஸ்டைபண்ட் எவ்வளவுன்னு கேக்குறது சரி, பாண்டு எந்தத் தேதில இருந்துன்னும் அதே மெயில்ல கேட்டுடு தங்கச்சி.

லாஸ்பேட்டை அக்கா | 25 ஜூன் 2024, இரவு 9.20

பண்ருட்டி தம்பி சொன்னதை நான் மறந்தேவிட்டேன். பயிற்சி எப்போது முடிகிறது என்ற ஒரு தேதியில்தான் சம்பளம், ப்ரொபேஷன், பாண்டு மூன்றும் தொங்குகின்றன. அந்தத் தேதி தள்ளிப்போனால் மூன்றும் சேர்ந்து தள்ளிப்போகும்.

கெடிலக்கரை | 26 ஜூன் 2024, காலை 11.00

ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“ஆஃபருக்கு நன்றி. ஏற்றுக்கொள்ள விரும்புகிறேன். வீட்டில் திட்டமிட வசதியாகச் சில விவரங்கள் வேண்டும். பயிற்சிக் காலத்தில் மாத ஸ்டைபண்ட் தொகை எவ்வளவு, அதில் பி.எஃப். உட்படப் பிடித்தம் ஏதும் உண்டா? முழுச் சம்பளம் எந்தத் தேதியிலிருந்து, அது தேர்வு முடிவைப் பொறுத்ததா? ப்ரொபேஷன் காலமும் ஒப்பந்தக் காலமும் சேர்ந்த நாளிலிருந்து தொடங்குமா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? கன்ஃபர்மேஷன் கடிதமாக வருமா?”

முதலில் எழுதிய வரைவில் “தொந்தரவுக்கு மன்னிக்கவும்” என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். இரண்டையும் எடுத்தேன். அனுப்பிய பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதுநகர் வாத்தியார் | 26 ஜூன் 2024, மாலை 5.30

நான் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. தகுதிகாண் பருவம் வேறு, பயிற்சிக் காலம் வேறு என்று இப்போதுதான் புரிகிறது. என் மாணவிகள் சிலர் இந்த ஆண்டு வேலைக்குப் போகிறார்கள். உன் மெயிலை அவர்களிடம் காட்டலாமா?

கெடிலக்கரை | 28 ஜூன் 2024, மாலை 4.05

தாராளமாக சார்.

பதில் வந்துவிட்டது, இரண்டே நாளில், மரியாதையாக. ஸ்டைபண்ட் மாதம் 12,000, பிடித்தம் இல்லை. பயிற்சி முடிவில் ஒரு தேர்வு. தேறினால் புதிய சம்பளக் கடிதம் தருவார்கள், அந்தத் தேதி முதல் முழுச் சம்பளம். தேறாவிட்டால் அதிகபட்சம் 3 மாத நீட்டிப்பு. ப்ரொபேஷன் அந்தக் கடிதத் தேதியிலிருந்து 6 மாதம். கன்ஃபர்மேஷன் கடிதமாக வரும். பாண்டும் அதே தேதியிலிருந்து 2 ஆண்டு. அக்கா சொன்ன இரண்டாவது வகைதான். “ஆறு மாசத்துல கன்ஃபர்ம்” என்று கேட்டது உண்மையில் பன்னிரண்டு மாதம்.

கணக்குப் போட்டேன். 3 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 25,000. முதல் ஆண்டில் ஆறு மாதம் 12,000 வீதம் 72,000, ஆறு மாதம் 25,000 வீதம் 1,50,000. மொத்தம் 2,22,000.

லாஸ்பேட்டை அக்கா | 28 ஜூன் 2024, இரவு 7.50

25,000 கைக்கு வராதும்மா. உன் பட்டியலில் பேசிக் எவ்வளவு, கம்பெனியின் பி.எஃப். பங்கும் கிராஜுட்டியும் சிடிசி-க்குள்ளேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி போடு.

கெடிலக்கரை | 29 ஜூன் 2024, காலை 8.30

நேற்றுப் போட்ட கணக்கு தவறு. பேசிக் 12,500. கம்பெனி கட்டும் 12 சதவீத பி.எஃப். 1,500-ம், கிராஜுட்டி என்று சுமார் 600-ம் அந்த 25,000-க்குள்ளேயே இருக்கின்றன. அவை போக 22,900. அதில் என் பங்கு பி.எஃப். 1,500 போனால் 21,400. ஆக முதல் ஆண்டில் கைக்கு 72,000-ம் 1,28,400-ம் சேர்ந்து 2,00,400. தேர்வில் தேறாமல் மூன்று மாதம் நீண்டால் 1,72,200.

அப்பாவிடம் இரண்டு எண்ணையும் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “லோன் எப்ப ஆரம்பிக்குது?” என்றார். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள், அதாவது 2025 ஜூன். ஆகஸ்டில் சேர்ந்து ஜனவரியோடு பயிற்சி முடிந்தால், தவணைக்கு முன் நான்கு மாத முழுச் சம்பளம் கிடைக்கும். நீட்டினால் ஒரே மாதம். புதுச்சேரியில் அறை எடுப்பதில்லை, முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருவது என்று முடிவு செய்திருக்கிறோம். சம்மதம் அனுப்பிவிட்டேன்.

லாஸ்பேட்டை அக்கா | 29 ஜூன் 2024, காலை 9.45

ஒன்று உறுத்துகிறது. ஸ்டைபண்டில் பிடித்தம் இல்லை என்றால் அந்த ஆறு மாதமும் பி.எஃப். கணக்கு தொடங்காது. அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தவருக்கும், நிறுவனத்தின் நிலையாணைப்படி எடுத்த அப்ரண்டிஸுக்கும் பி.எஃப். கிடையாது. ட்ரெய்னி என்று பெயர் வைத்து மற்றவர் செய்யும் வேலையையே வாங்கினால் அந்த விலக்கு செல்லுமா என்பது வழக்கு வழக்காக மாறுகிறது. அதில் உன்னை இழுத்துவிட நான் விரும்பவில்லை.

உனக்கு நேராகப் படுவது வேறு. இரண்டு மூன்று ஆண்டு கழித்து இன்னொரு கம்பெனி உன் பின்னணியைச் சரிபார்க்கும்போது பி.எஃப். பணி வரலாற்றையும் பார்ப்பார்கள். அதில் நீ சேர்ந்த தேதி பிப்ரவரி என்று இருக்கும், உன் பயோடேட்டாவில் ஆகஸ்ட் என்று இருக்கும். பொய் சொல்கிறாய் என்று நினைத்துவிடுவார்கள். சேர்ந்த அன்று தரும் கடிதம், ஆறு மாத ஸ்டைபண்ட் சீட்டு, வங்கிப் பதிவு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வை.

முள்ளோடை | 30 ஜூன் 2024, மதியம் 12.20

அக்கா, மௌனம்னா கன்ஃபர்ம்ங்குறத வாபஸ் வாங்குறேன். எங்க ஃபேக்டரிலயே ஒருத்தருக்கு ரெண்டு தடவை நீட்டிச்சாங்க, அப்ப கவனிக்கல. ஆனா 480 நாள் சட்டம் உண்மைதானே?

லாஸ்பேட்டை அக்கா | 30 ஜூன் 2024, மாலை 6.10

உண்மைதான் தம்பி. 1981-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரம். ஆனால் அது தமிழ்நாட்டுக்குத்தான். உன் வீடு முள்ளோடையில், புதுச்சேரிக்குள். உன் ஆலை கடலூர் சிப்காட், தமிழ்நாடு. அதனால் உனக்கு அது பேசும். கெடிலக்கரைக்கு வீடு தமிழ்நாடு, வேலை புதுச்சேரி. எங்கே வேலை செய்கிறோமோ அந்த ஊர்ச் சட்டம்தான், அதனால் அவளுக்கு அது எட்டாது. எட்டினாலும், 480 நாள் என்பது வேலை நிலைப்பதற்கு. ஸ்டைபண்ட் எப்போது முழுச் சம்பளமாகும் என்று அது சொல்லாது.

தவளக்குப்பம் 22 | 17 நவம்பர் 2024, இரவு 9.00

பழைய பேச்சுக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் புதுச்சேரியில் ஒரு இடத்திலிருந்து ஆஃபர். ஸ்டைபண்ட் 9,000, ஒரு வருடம். சேருவதற்கு முன் nats.education.gov.in தளத்தில் பதிவு செய்து எண் அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு வருடத்தில் கன்ஃபர்மேஷன் என்கிறார் கன்சல்டன்சிக்காரர். நம்பலாமா?

லாஸ்பேட்டை அக்கா | 18 நவம்பர் 2024, காலை 7.05

தம்பி, இது கெடிலக்கரை வாங்கிய ஆஃபர் போன்றதில்லை. அந்தத் தளத்தில் பதிவு கேட்கிறார்கள் என்றால் உன்னை அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள். பட்டதாரிக்கு அதில் இப்போது குறைந்தபட்ச ஸ்டைபண்ட் 9,000, அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. சட்டப்படி நீ அங்கே பயிலுநர், தொழிலாளி இல்லை. ஓராண்டு முடிந்தால் சான்றிதழ் கிடைக்கும். வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஒப்பந்தத்திலேயே வேலை தருவதாக எழுதியிருந்தால் மட்டும்தான் கேட்க முடியும். அதனால் கன்ஃபர்மேஷன் என்ற சொல்லே இதில் பொருந்தாது. கன்சல்டன்சிக்காரரை விட்டுவிட்டு நிறுவனத்தின் எச்.ஆருக்கு எழுது: போன ஆண்டு அப்ரண்டிஸ் முடித்தவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீர்கள் என்று கேள். நல்ல இடம் என்றால் எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

தவளக்குப்பம் 22 | 23 நவம்பர் 2024, மாலை 6.40

கேட்டேன் அக்கா. “தேவையைப் பொறுத்தது” என்று ஒரு வரியில் பதில். வேறு வாய்ப்பு இல்லாததால் சேரலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் வீட்டில் ஒரு வருடத்தில் வேலை உறுதி என்று சொல்லப்போவதில்லை.

கெடிலக்கரை | 2 மார்ச் 2025, காலை 10.30

நடந்ததை எழுதுகிறேன். ஆகஸ்ட் 1 சேர்ந்தேன். ஜனவரி கடைசி வாரம் நடக்க வேண்டிய தேர்வு, பயிற்சியாளரை வேறு பிராஜெக்டுக்கு மாற்றியதால் பிப்ரவரி 13-க்குப் போனது. தேறிவிட்டேன். கடிதம் பிப்ரவரி 17 தேதியிட்டு வந்தது. அதனால் முதல் 16 நாளுக்கு ஸ்டைபண்ட், மீதி 12 நாளுக்குத்தான் முழுச் சம்பளம். கணக்கில் வந்தது 16,028. முழு மாதம் கிடைத்திருந்தால் 21,400. தேர்வு தள்ளிப்போனது என்னால் இல்லை, ஆனால் 5,372 குறைந்தது எனக்கு.

ஒன்பது பேர் எங்கள் பேட்ச். எல்லாருக்கும் இதே கதை. ஜூன் மாத மெயில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதில் “அந்தத் தேதி முதல்” என்றுதான் இருக்கிறது, தாமதம் கம்பெனியால் வந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இப்போது ஒன்பது பேரும் சேர்ந்து கேட்கலாமா, நான் தனியாக மெயில் போடவா?

லாஸ்பேட்டை அக்கா | 2 மார்ச் 2025, மதியம் 12.15

ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒரே நாளில், தன் தேதியையும் தன் தொகையையும் போட்டு எழுதுங்கள். ஒன்பது கையெழுத்தோடு ஒரே கடிதம் போனால் அதைப் பிரச்சினை என்று மேலே அனுப்புவார்கள். ஒன்பது சம்பளக் கேள்வி வந்தால் சம்பளப் பிரிவு பார்த்து முடித்துவிடும். பணத்தை மட்டும் கேட்காதே. ப்ரொபேஷனும் பாண்டும் பிப்ரவரி 1 முதல் என்று திருத்தித் தர முடியுமா என்றும் கேள். பணம் ஒருமுறைதான் குறையும். பாண்டு தேதி இரண்டு ஆண்டு கழித்து வந்து நிற்கும்.

பண்ருட்டி பஸ் | 2 மார்ச் 2025, மதியம் 1.40

அக்கா, எனக்கு இதுல ஒப்புதல் இல்ல. ப்ரொபேஷன்ல இருக்குற பொண்ணு, கன்ஃபர்மேஷன் அவங்க கையில இருக்கு. அஞ்சாயிரத்துக்காகப் பேரு கெடணுமா? ஆகஸ்ட் தாண்டட்டும், அப்புறம் கேக்கலாம்.

கெடிலக்கரை | 9 மார்ச் 2025, இரவு 8.20

இரண்டு பேர் சொன்னதையும் ஒரு வாரம் யோசித்தேன். ஐந்து பேர் எழுதினோம், நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஒருவருக்கு அம்மா மருத்துவமனையில் இருக்கிறார்.

பதில் நேற்று வந்தது. பிப்ரவரி 1 முதல் 16 வரையான சம்பள வித்தியாசத்தை மார்ச் சம்பளத்தோடு சேர்த்துத் தருகிறார்களாம், ஒன்பது பேருக்கும். ப்ரொபேஷன், பாண்டு தேதிகளை மாற்ற முடியாது, கடிதத் தேதிதான். ஆக என் ப்ரொபேஷன் ஆகஸ்ட் 16-ல் முடிகிறது. ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை கடிதம் வரவில்லையென்றால் அன்று மதியமே மெயில் போடுவேன், வரைவு இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.